கேள்வியின் முதல் சொல் என்ன கேட்கிறது?

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பொருளியல் பாடத்தின் இரண்டாம் தாளை எடுத்துக்கொள்வோம். பாட எண் 0455. தேர்வு நேரம் இரண்டேகால் மணி, மொத்தம் 90 மதிப்பெண். முதல் பகுதி கட்டாயம். ஒரு நாட்டைப் பற்றிய தகவல்களையும் புள்ளிவிவரங்களையும் கொடுத்து 30 மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் நான்கு கேள்விகள் இருக்கும், மூன்றுக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். 2023, 2024 ஆண்டுகளின் தாள்களைத் திறந்து பாருங்கள்: அந்த இருபதும் 2, 4, 6, 8 என்றுதான் பிரிந்திருக்கும். இரண்டு மதிப்பெண்ணுக்கு 'டிஃபைன்' அல்லது 'ஐடென்டிஃபை'. நான்குக்கு 'எக்ஸ்ப்ளெய்ன்'. ஆறுக்கு 'அனலைஸ்'. எட்டுக்கு 'டிஸ்கஸ்'.

கேள்வி வணிகத்தைப் பற்றியதாக இருக்கலாம், வரியைப் பற்றியதாக இருக்கலாம். அந்த வினைச்சொல்லும் மதிப்பெண்ணும் மட்டும் சேர்ந்தே வரும். இவற்றைத்தான் கட்டளைச் சொற்கள் என்கிறோம். பிள்ளைகள் பெரும்பாலும் கேள்வியில் எந்தப் பாடம் வந்திருக்கிறது என்று பார்த்ததும் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். 'மினிமம் வேஜ்' என்ற இரண்டு சொல் கண்ணில் பட்டால் போதும், அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தாளில் இறங்கிவிடும். திருத்துபவரின் கையில் இருக்கும் மார்க் ஸ்கீமோ, அந்த முதல் சொல்லை வைத்துத்தான் மதிப்பெண்ணைப் பங்கு போட்டிருக்கிறது.

என் அக்கா மகள் நிலா பழைய தாள்களோடு வந்து உட்கார்ந்தபோது அவளுடைய புகாரும் இதுதான். "சித்தி, பாடம் எல்லாம் தெரியும். ஒரு பக்கம் முழுக்க எழுதுறேன். எட்டுக்கு நாலுதான் போடுறாங்க" என்றாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். பாடம் அவளுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. கேள்வி இது: 'குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவது ஒரு நாட்டில் வறுமையைக் குறைக்குமா, குறைக்காதா என்று டிஸ்கஸ் செய்க.' இது எந்தப் பழைய தாளிலும் உள்ளதல்ல. அந்த அச்சில் பயிற்சிக்காகத் தயாரித்தது. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் ஏழைத் தொழிலாளர்களின் வருமானம் உயரும். அதனால் உணவு, வீடு, மருத்துவம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்குச் செலவழிக்க முடியும். அவர்கள் செலவழிப்பதால் பொருளாதாரத்தில் மொத்தத் தேவை கூடும், நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்டும், புதிதாக ஆட்களை எடுக்கும். நல்ல கூலி கிடைப்பதால் தொழிலாளர்கள் ஊக்கத்தோடு உழைப்பார்கள், உற்பத்தித்திறன் உயரும். ஆனால் இதனால் வேலையின்மை வரலாம். விலைவாசியும் ஏறலாம். ஆகவே இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு."

படிக்கும்போது குறையே தெரியாது. இதில் எங்கே நான்கு மதிப்பெண் போயிற்று என்று பார்க்க, முதலில் இதே பாடத்தில் சின்னக் கேள்விகள் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்று பார்த்துவிடலாம்.

'குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவதால் வேலையின்மை கூடுவதற்கான இரண்டு காரணங்களை எக்ஸ்ப்ளெய்ன் செய்க' என்று நான்கு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், கணக்கு எளிது. ஒவ்வொரு காரணத்தையும் சொன்னால் ஒன்று, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினால் இன்னொன்று. 'நிறுவனத்தின் செலவு கூடும்' என்பது காரணம். 'கூடுதல் செலவைச் சமாளிக்க முதலாளி ஆட்களைக் குறைப்பார் அல்லது இயந்திரம் வாங்குவார்' என்பது விளக்கம். மூன்றாவதாக ஒரு காரணம் எழுதினால் அதற்கு இடம் இல்லை. எழுதிய நேரம்தான் வீண்.

ஆறு மதிப்பெண் 'அனலைஸ்' வேறு மாதிரி. 'குறைந்தபட்சக் கூலி உயர்வு எவ்வாறு பணவீக்கத்தை உண்டாக்கும் என்று அனலைஸ் செய்க' என்றால், ஒரு காரணத்திலிருந்து அடுத்த விளைவுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். கூலி உயர்கிறது, உற்பத்திச் செலவு உயர்கிறது, நிறுவனங்கள் அதே விலைக்குக் குறைவாகவே விற்க முன்வருகின்றன, விலை ஏறுகிறது. இது செலவு தள்ளும் பணவீக்கம். இன்னொரு பக்கம், தொழிலாளர் கையில் பணம் கூடுகிறது, அவர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள், மொத்தத் தேவை கூடுகிறது, உற்பத்தி அதே வேகத்தில் கூடவில்லை என்றால் விலை ஏறுகிறது. இது தேவை இழுக்கும் பணவீக்கம். மார்க் ஸ்கீமில் ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் (1) என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கேள்வியில் 'ஆனால் சில நேரம் பணவீக்கம் வராது' என்று மறுபக்கம் பேசினால் மதிப்பெண் கிடையாது. அது தவறு என்பதால் அல்ல. யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது நிலாவின் விடைக்கு வருவோம். எட்டு மதிப்பெண் 'டிஸ்கஸ்' கேள்விக்குக் கண்ணிக்கு ஒன்று என்று மதிப்பெண் எண்ணுவதில்லை. முழு விடையையும் படித்துவிட்டு, அது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்று நிலைகள்: முதல் நிலைக்கு 1 முதல் 2, இரண்டாம் நிலைக்கு 3 முதல் 5, மூன்றாம் நிலைக்கு 6 முதல் 8. மூன்றாம் நிலைக்கு ஏற வேண்டுமென்றால் வாதத்தின் இரண்டு பக்கங்களும் விடையில் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாகவும் மற்றது கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம், அதற்கு இடம் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரே பக்கம்தான் வளர்ந்திருக்கிறது என்றால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாம் நிலையோடு சரி. அதாவது ஐந்துக்கு மேல் போகாது.

நிலாவின் முதல் நான்கு வரிகள் வளர்ந்த வாதம். கூலி, வருமானம், செலவு, மொத்தத் தேவை, உற்பத்தி, வேலை என்று ஒழுங்காகப் போகிறது. 'ஆனால்' வந்த பிறகு இருப்பவை இரண்டு அறிவிப்புகள். வேலையின்மை வரலாம், ஏன் வரும், யாருக்கு வரும், அது வறுமையை என்ன செய்யும் என்று இல்லை. விலைவாசி ஏறலாம், ஏழையின் கையில் கூடிய பணத்தை அது எப்படித் தின்னும் என்று இல்லை. திருத்துபவரின் கண்ணுக்கு இது ஒருபக்க விடை, கடைசியில் மறுபக்கத்தின் பெயர் மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. 'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்ற வரிக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை. கேள்வியைப் படித்ததுமே எழுதக்கூடிய வரி அது.

"அப்போ நான் இன்னும் நிறைய எழுதணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உண்மையில் ஆதரவுப் பக்கத்தைக் குறைக்க வேண்டும். 90 மதிப்பெண்ணுக்கு 135 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். எட்டு மதிப்பெண்ணுக்கு 12 நிமிடம். அதில் ஒரு நிமிடம் யோசனைக்குப் போனால், பக்கத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும், சொச்சம் இருப்பதில் ஒரு வரித் தீர்ப்பு எழுதலாம். அவள் ஆதரவுப் பக்கத்துக்கு ஒன்பது நிமிடம் செலவழித்திருந்தாள். உற்பத்தித்திறன் பற்றிய வரி நல்ல வரிதான். ஆனால் அந்த இடத்தில் அதைவிட மறுபக்கத்தின் ஒரு வாதம் முழுதாக வந்திருந்தால் விடை ஒரு நிலை மேலே போயிருக்கும்.

மறுபக்கத்தை எப்படி வளர்ப்பது என்பதற்கு அவளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சிறிய தையல் பட்டறை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய். பட்டறையின் கூலிச் செலவு 96,000. குறைந்தபட்சக் கூலி 15,000 ஆகிறது. எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டால் செலவு 1,20,000. முதலாளி ஒருவரை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள். ஏழு பேருக்கு 15,000 வீதம் 1,05,000. தொழிலாளர்கள் எல்லோருக்குமாகக் கிடைக்கும் பணம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனால் ஒரு குடும்பத்துக்கு வருமானமே இல்லாமல் போய்விட்டது. இருவரை நிறுத்தினால்? ஆறு பேருக்கு 90,000. இப்போது மொத்தமும் முன்பைவிடக் குறைந்துவிட்டது. அப்படியானால் கேள்வியே வேறு இடத்துக்கு நகர்கிறது: கூலி ஏறும்போது முதலாளிகள் எத்தனை பேரை நிறுத்துவார்கள்? தைக்க வேறு இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதா, துணியின் விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவாரா என்பதைப் பொறுத்தது அது.

இந்தப் 'பொறுத்தது' என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 'இட் டிபெண்ட்ஸ்' என்று எழுதினால் மதிப்பெண் வரும் என்று டியூஷனில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெறுமனே 'இது சூழ்நிலையைப் பொறுத்தது' என்று எழுதினால் எதுவும் வராது. எதைப் பொறுத்தது, அது இப்படி இருந்தால் விடை எந்தப் பக்கம் சாயும், அப்படி இருந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். 'உழைப்புக்கான தேவை நெகிழ்ச்சியற்றதாக இருந்தால் சிலரே வேலை இழப்பார்கள், வறுமை குறையும். நெகிழ்ச்சி அதிகமாக இருந்தால் பலர் வேலை இழப்பார்கள், வறுமை கூடவும் கூடும்' என்பது முழுமையான வரி.

நிலா திருத்தி எழுதிய மறுபக்கம் இப்படி வந்தது: "ஆனால் உழைப்பின் விலை கூடுவதால் நிறுவனங்களின் உற்பத்திச் செலவு உயர்கிறது. ஆட்களுக்குப் பதில் இயந்திரம் எளிதில் கிடைக்கும் தொழில்களில் முதலாளிகள் பலரை நிறுத்துவார்கள். முதலில் வேலை இழப்பவர்கள் திறன் குறைந்தவர்கள். அவர்கள்தான் ஏற்கெனவே வறுமைக்கு மிக அருகில் இருப்பவர்கள். மேலும் நாட்டின் ஏழைகளில் பலர் சொந்தமாகச் சிறுதொழில் செய்பவர்கள், வேலை இல்லாதவர்கள், முதியவர்கள். அவர்கள் யாரிடமும் கூலி வாங்குவதில்லை என்பதால் இந்த உயர்வு அவர்களைத் தொடாது. விலைவாசி ஏறினால் அவர்கள் நிலை இன்னும் மோசமாகும்." ஆதரவுப் பக்கத்திலிருந்து உற்பத்தித்திறன் வரியை வெட்டினாள். மொத்த நீளம் முதல் விடையைவிட இரண்டு வரிதான் கூடுதல். இதை ஏழுக்குக் குறைத்து யாரும் போட மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வாதத்தைக் கவனியுங்கள். 'ஏழைகளில் பலர் கூலி வாங்குபவர்களே இல்லை' என்பது கேள்வியில் இருக்கும் 'வறுமை' என்ற சொல்லை எடுத்துப் பேசுகிறது. முதல் விடை கூலியைப் பற்றி மட்டும் பேசியது. கேள்வியோ வறுமையைப் பற்றியது. கட்டளைச் சொல்லை அடுத்து நான் அடிக்கோடு போடச் சொல்வது இந்தச் சொல்லைத்தான்: எதன் மீது விளைவு என்று கேட்கிறார்கள்? ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அந்தச் சொல்லில் வந்து முடிய வேண்டும்.

'ஜஸ்டிஃபை', அதாவது நியாயப்படுத்துக, 'டிஸ்கஸ்' என்பதன் அடுத்த வீட்டுக்காரர் போலத் தெரியும், ஆனால் கேட்பது வேறு. இதை அதிகம் பார்க்கக்கூடிய இடம் கேம்பிரிட்ஜ் பிசினஸ் ஸ்டடீஸ், பாட எண் 0450. அதன் முதல் தாளில் ஒவ்வொரு கேள்வியின் கடைசிப் பகுதியும் ஆறு மதிப்பெண்ணுக்கு 'உங்கள் விடையை ஜஸ்டிஃபை செய்க' என்று முடியும். இரண்டாம் தாளில் ஒரு நிறுவனத்தைப் பற்றிய கதையைக் கொடுத்து, மூன்று வழிகளைச் சொல்லி, எது சரி என்று தேர்ந்தெடுத்து நியாயப்படுத்தச் சொல்வார்கள். அதற்கு 12 மதிப்பெண்.

'டிஸ்கஸ்' கேள்வியில் இரு பக்கமும் வளர்ந்தால் விடை நிற்கும். 'ஜஸ்டிஃபை' கேள்வியில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும், அந்த முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், கையில் இருந்த மற்ற வழிகளை ஏன் விட்டீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். முதல் தாளின் ஆறு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டால், பொருத்தமான அம்சங்களைச் சொல்வதற்கு இரண்டு, அவற்றை வளர்ப்பதற்கு இரண்டு, காரணத்தோடு கூடிய முடிவுக்கு இரண்டு. முடிவு மட்டும் எழுதி காரணம் இல்லையென்றால் அந்தக் கடைசி இரண்டும் இல்லை.

ஒரு பேக்கரியை வைத்துப் பார்ப்போம். நான் தயாரித்த கதை இது. உரிமையாளர் ஒரு பெண். தனியாகவே எல்லா முடிவும் எடுத்துப் பழகியவர். ஆண்டு லாபம் 2 லட்சம். இரண்டாவது கடை திறக்க 6 லட்சம் வேண்டும். அதே தெருவில் இன்னும் ஆறு மாதத்தில் ஒரு போட்டிக் கடை வரப்போகிறது. வழிகள் மூன்று: 12 சதவீத வட்டிக்கு வங்கிக் கடன், ஒரு பங்குதாரரைச் சேர்ப்பது, லாபத்தைச் சேமித்துப் பயன்படுத்துவது.

பெரும்பாலோர் மூன்று வழிகளின் நன்மை தீமைகளையும் ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடிப்பார்கள்: "ஆகவே வங்கிக் கடன்தான் சிறந்தது, ஏனென்றால் பணம் விரைவில் கிடைக்கும்." விரைவில் கிடைக்கும் என்பதை மேலே ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதையே திரும்பச் சொன்னால் அது நியாயப்படுத்தல் ஆகாது. நல்ல முடிவு இப்படி இருக்கும்: "வங்கிக் கடனைப் பரிந்துரைக்கிறேன். லாபத்தைச் சேமிப்பதென்றால் 6 லட்சம் சேர மூன்று ஆண்டு ஆகும், போட்டிக் கடை ஆறே மாதத்தில் வந்துவிடும். பங்குதாரர் வந்தால் வட்டி இல்லை, ஆனால் முடிவெடுக்கும் உரிமையில் பாதி போகும், லாபத்திலும் பங்கு காலமெல்லாம் போகும். இந்த உரிமையாளர் அதை விரும்பமாட்டார். கடனுக்கு முதல் ஆண்டு வட்டி 72,000 ரூபாய். இப்போதைய 2 லட்சம் லாபத்தில் அதைக் கட்ட முடியும். எனினும் தவணையும் சேர்ந்து வரும் என்பதால், புதிய கடை முதல் ஆண்டில் நஷ்டம் கண்டால் சிரமம் உண்டு."

இதில் புதிய பொருளியல் எதுவும் இல்லை. மூன்று வழிகளையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டிருக்கிறது, ஒவ்வொரு ஒப்பீட்டிலும் கதையின் ஓர் எண்ணோ தகவலோ இருக்கிறது. எளிய சோதனை ஒன்று சொல்கிறேன்: உங்கள் முடிவுப் பத்தியை எடுத்து, பேக்கரிக்குப் பதில் கார் தொழிற்சாலை என்று மாற்றிப் படியுங்கள். அப்போதும் பத்தி அப்படியே பொருந்தினால், நீங்கள் பாடப்புத்தகத்தை எழுதியிருக்கிறீர்கள், கேள்விக்கு விடை எழுதவில்லை. உரிமையாளர் பங்குதாரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்கள் வாதிட்டாலும் மதிப்பெண் குறையாது. எந்த முடிவு என்பதற்கு மதிப்பெண் இல்லை, அதைத் தாங்கும் காரணத்துக்குத்தான்.

'எவாலுவேட்', மதிப்பிடுக, இவை எல்லாவற்றிலும் கடினம். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பொருளியலில், பாட எண் 9708, 2023 முதல் வந்த தாள்களின் 20 மதிப்பெண் கட்டுரையில் இதன் எடை வெளிப்படையாகவே தெரியும். அறிவுக்கும் பகுப்பாய்வுக்கும் சேர்த்து 14, மதிப்பீட்டுக்குத் தனியாக 6. அந்த ஆறிலும் இரண்டு படிகள். பொத்தாம்பொதுவான முடிவு, வளராத கருத்துகள் என்றால் மூன்றோடு நின்றுவிடும். கேட்ட கேள்விக்கே நேராகப் பதில் சொல்லும், காரணங்கள் தாங்கும் தீர்ப்பு இருந்தால்தான் 4 முதல் 6 வரை.

மதிப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். 'குறைந்தபட்சக் கூலி வறுமையைக் குறைக்கச் சிறந்த வழியா என்று எவாலுவேட் செய்க' என்றால், எதைக் கொண்டு சிறந்தது என்பீர்கள்? எத்தனை ஏழைகளைச் சென்றடைகிறது என்பது ஓர் அளவுகோல். அரசுக்கு எவ்வளவு செலவு என்பது இன்னொன்று. எவ்வளவு நாள் நிலைக்கும் என்பது மூன்றாவது. அளவுகோல் மாறினால் தீர்ப்பே மாறும்: அரசின் செலவைப் பார்த்தால் குறைந்தபட்சக் கூலி மேலானது, ஏனென்றால் பணம் முதலாளியின் கையிலிருந்து போகிறது, சென்றடையும் ஏழைகளைப் பார்த்தால் நேரடிப் பணஉதவி மேலானது, ஏனென்றால் வேலையில்லாதவருக்கும் அது போய்ச் சேரும். எந்த அளவுகோலை முதன்மையாக எடுத்தீர்கள், ஏன் என்று சொல்வதே மதிப்பீட்டின் முதல் வரி.

அடுத்தது, சான்றின் எடையையும் மதிப்பிட வேண்டும். வேலையின்மை கூடும் என்று வரைபடம் போட்டு நிறுவிவிடலாம். ஆனால் 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களையும், கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994இல் எழுதினார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதே நிகழ்வை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அந்த முடிவை மறுத்தார்கள். ஏ லெவல் மாணவர் இதை எழுதினால், 'கார்டும் க்ரூகரும் நிரூபித்துவிட்டார்கள்' என்று முடித்துவிடக் கூடாது. அது ஒரு துறை, ஒரு மாநிலம், 80 சென்ட் உயர்வு. கூலியை இரட்டிப்பாக்கும் நாட்டுக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துப் போக முடியுமா? இந்தக் கேள்வியை விடையில் கேட்டுப் பதிலும் சொன்னால், அது மதிப்பீடு.

தீர்ப்பு இப்படி அமையலாம்: "உயர்வு மிதமாகவும், ஏழைகளில் பெரும்பாலோர் முறையான வேலையிலும் இருக்கும் நாட்டில் குறைந்தபட்சக் கூலி நல்ல கருவி, அரசுக்குச் செலவும் குறைவு. பலர் சுயதொழிலில் இருக்கும் நாட்டில் அது அவர்களைச் சென்றடையாது என்பதால், தனியாக அதை மட்டும் நம்ப முடியாது. பணஉதவி முன்னால் வர வேண்டும்." இதில் நிபந்தனை இருக்கிறது, நிபந்தனைக்குப் பின் தெளிவான முடிவும் இருக்கிறது. இரண்டும் வேண்டும். நிபந்தனை மட்டும் இருந்தால் நழுவல், முடிவு மட்டும் இருந்தால் அறிவிப்பு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சொற்களுக்கு எல்லாப் பாடத்திலும் ஒரே பொருள் கிடையாது. ஏ.க்யூ.ஏ. வாரியத்தின் ஏ லெவல் உளவியலில் 16 மதிப்பெண் 'டிஸ்கஸ்' கேள்வியில் 6 மதிப்பெண் கோட்பாட்டை விவரிப்பதற்கு, 10 அதை எடைபோடுவதற்கு. அங்கே விவரிப்பையே இரண்டு பக்கம் எழுதினால் பாதியைக்கூடத் தொட முடியாது. பொருளியலில் போல நேராக ஆதரவு, எதிர்ப்பு என்று குதித்தாலோ அந்த ஆறு போகும். கணிதத்தில் 'எவாலுவேட்' என்றால் மதிப்பைக் கண்டுபிடி என்று மட்டுமே பொருள். அங்கே யாரும் உங்கள் தீர்ப்பைக் கேட்கவில்லை. அதனால் அக்காவின் நோட்டில் இருக்கும் கட்டளைச் சொல் பட்டியலைத் தம்பி அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பாடத்துக்கான சொற்பட்டியல் இருக்கும். அதைவிட நம்பகமானது அந்தப் பாடத்தின் மார்க் ஸ்கீம்.

பழைய தாள்களைப் பயன்படுத்தும் முறையும் இதிலிருந்தே வருகிறது. கோப்பின் பெயர் `0455_m23_qp_22` என்பது போல இருக்கும். நடுவில் `m` என்றால் மார்ச், `s` என்றால் மே-ஜூன், `w` என்றால் அக்டோபர்-நவம்பர், `23` ஆண்டு, `22` என்றால் இரண்டாம் தாளின் இரண்டாம் வடிவம். மார்ச் தொடர் இந்தியப் பள்ளிகளுக்காக நடத்தப்படுவது. `qp` வினாத்தாள், `ms` மார்க் ஸ்கீம், `er` தேர்வாளர் அறிக்கை. பிள்ளைகள் `qp`-ஐ அச்செடுக்கிறார்கள், சிலர் `ms`-ஐப் பார்க்கிறார்கள், `er`-ஐத் திறப்பவர்களைக் காண்பது அரிது. மார்க் ஸ்கீமில் எட்டு மதிப்பெண் கேள்விக்குக் கீழே 'ஏன் ஆகலாம்', 'ஏன் ஆகாமல் போகலாம்' என்று இரண்டு தலைப்பில் வாதங்கள் அடுக்கியிருக்கும். தேர்வாளர் அறிக்கையில், அந்த ஆண்டு பிள்ளைகள் ஒவ்வொரு கேள்வியிலும் எங்கே சறுக்கினார்கள் என்று எழுதியிருப்பார்கள். ஒருபக்க விடை என்ற குறை அங்கே ஆண்டுதோறும் வரும்.

பத்துத் தாள்களை முழுதாக எழுதிப் பார்ப்பதைவிட, நிலாவிடம் நான் சொன்னது இதுதான்: ஒரே ஓர் எட்டு மதிப்பெண் கேள்வியை எடு. கட்டளைச் சொல்லையும், எதன் மீது விளைவு என்ற சொல்லையும் அடிக்கோடிடு. கடிகாரத்தை வைத்து 12 நிமிடத்தில் எழுது. பிறகு இரண்டு நிறப் பென்சிலால் ஆதரவு வரிகளை ஒரு நிறத்திலும் எதிர் வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடு போடு. ஒரு நிறம் ஒரு வரியோடு நின்றுவிட்டால், மார்க் ஸ்கீமைத் திறக்காமலேயே உன் மதிப்பெண் ஐந்துக்குள் என்று தெரிந்துவிடும். அந்த நிறத்தில் இருக்கும் ஒற்றை வரியை எடுத்து 'ஏன்?', 'யாருக்கு?', 'அதனால் வறுமைக்கு என்ன?' என்று மூன்று முறை கேட்டு, கிடைக்கும் பதில்களை அதே இடத்தில் எழுது. அதன் பிறகு `ms`-ஐத் திற, நிலை விவரிப்பைப் படித்து நீயே உனக்கு மதிப்பெண் போடு.

பெற்றோருக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் 'எவ்வளவு வாங்கினாய்' என்று கேட்பதற்கு முன், எட்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் புரட்டி, இரண்டு பக்கமும் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை.